பழைய பேட்டரி, ட்யூப் லைட், மொபைல்: எதை எப்படி வைப்பது, எங்கே கொடுப்பது

ஒரு வீட்டில் சில மாதங்களில் சேர்ந்த குவியலை எடுத்துக்கொள்வோம். ரிமோட்டிலிருந்து கழற்றிய பென்சில் செல்கள், ஒரு 9 வோல்ட் சதுர பேட்டரி, எடை பார்க்கும் கருவியில் இருந்த இரண்டு பட்டன் செல்கள், எரியாத நாலடி ட்யூப் லைட் ஒன்று, பழைய மொபைல் இரண்டு. அதில் ஒரு மொபைலின் பின்பக்கம் லேசாக உப்பியிருக்கிறது. பெரும்பாலானோர் இதற்குச் செய்வது ஒன்றுதான்: எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு அலமாரி மேலே ஏற்றிவிடுவது. இன்னொரு வழி வகை பிரித்து வைப்பது. பார்க்க வேலை அதிகம் போலத் தெரியும், ஆனால் பிரிக்க வேண்டியது எல்லாவற்றையும் அல்ல.

‘தீர்ந்த’ செல் உண்மையில் காலியானதல்ல. புதிதாக 1.5 வோல்ட் இருந்த பென்சில் செல், கருவி அதை ஏற்க மறுக்கும்போதும் பெரும்பாலும் 1 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கும். ஒற்றைச் செல்லாக அது பெரிய ஆபத்தில்லை. சதுர பேட்டரிதான் வம்பு. அதன் இரண்டு முனைகளும் மேலே பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், ஒரு சாவியோ இன்னொரு செல்லின் உலோக உடம்போ குறுக்கே விழுந்தால் போதும், ஷார்ட் ஆகிச் சூடாகும். பாத்திரம் தேய்க்கும் மெல்லிய இரும்பு நார் அதில் பட்டால் தீயே பிடிக்கும். பட்டன் செல்கள் 3 வோல்ட் லித்தியம் வகையாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காகச் சேர்ந்து தங்களுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம்.

அதனால் தகர டப்பாவா, பிளாஸ்டிக் டப்பாவா என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை, பிளாஸ்டிக்தான். தகரம் பத்திரமாகத் தோன்றினாலும், உள்ளே இருக்கும் முனைகளை இணைக்கும் கம்பி வேலையை அதுவே செய்துவிடும். சதுர பேட்டரியின் முனைகளிலும், லித்தியம் செல்களின் இரு பக்கமும் டேப் ஒட்டுங்கள். கண்ணாடி போன்ற ஒளிபுகும் டேப்பாக இருந்தால் என்ன வகை என்ற எழுத்து தெரியும். கொடுக்கும் இடத்தில் பிரிக்கிறவர்களுக்கு அது உதவும். சாதாரணப் பென்சில் செல்களுக்கு டேப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வெள்ளைப் பொடி பூத்த செல் இருந்தால் கையுறையோடு எடுத்துத் தனிப் பையில் கட்டுங்கள், கசிந்தது காரம். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் நல்லது என்பது பழைய நம்பிக்கை. வெளியே எடுக்கும்போது ஈரம் படியும், அவ்வளவுதான் பலன்.

பட்டன் செல்லுக்கு மட்டும் இன்னொரு காரணமும் உண்டு. குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் உண்டாகலாம். தீர்ந்துபோன செல்லும் இதைச் செய்யும். கழற்றிய கையோடு இரு பக்கமும் டேப் ஒட்டி, எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அடுத்தது ட்யூப் லைட். முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். எல்இடி ட்யூப் என்றால் பாதரசம் கிடையாது, அது சாதாரண மின்னணுக் கழிவு. முனைகள் கறுத்திருக்கும் பழைய வகைக் கண்ணாடிக் குழாயில்தான் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கும். முழுதாக இருக்கும்வரை அது வெளியே வராது. அப்படியானால் பாதுகாப்பு என்பது உடையாமல் வைப்பதுதான். புது ட்யூப் வந்த அட்டை உறையில் பழையதைச் செருகிவிடுவது, செய்தித்தாளில் சுற்றுவதைவிட எவ்வளவோ மேல். தாள் கீறல் விழாமல் காக்கும். மேலே ஏதாவது விழுந்தால் காக்காது. இரண்டு மூன்று இருந்தால் டேப்பால் சேர்த்துக் கட்டாதீர்கள், பிரிக்கும்போது கண்ணாடி நொறுங்கும். தளர்வாக நூல் கட்டினால் போதும்.

உடைந்துவிட்டால் விளக்குமாறும் வாக்குவம் கிளீனரும் கூடாது, இரண்டும் பொடியை வீடெங்கும் பரப்பும். ஏசி, மின்விசிறியை நிறுத்தி, சன்னலைத் திறந்துவிட்டு, அறையை விட்டு வெளியே வந்து பத்து நிமிடம் கழித்து, கெட்டி அட்டையால் துண்டுகளை அள்ளி, தூளை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, ஈரத்தாளால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போடுங்கள். ஒரு தகவலுக்கு: இந்த வகை ட்யூப்களின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 இறுதிக்குள் நிறுத்த, பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் இப்போது எரிந்துகொண்டிருப்பவை இன்னும் பல ஆண்டுகளுக்குக் கழிவாக வந்துகொண்டேதான் இருக்கும்.

மொபைல் விஷயத்தில் போட்டி ‘இப்போதே கொடுப்பது’, ‘டிராயரில் கிடக்கட்டும்’ என்ற இரண்டுக்கும். எனக்கு முதல் பக்கம்தான். கிடக்கக் கிடக்க பேட்டரி தானாகவே வடிந்து, ஒரு எல்லைக்குக் கீழே போய்விடும். அப்படி ஆழமாக வடிந்த லித்தியம் பேட்டரிக்குள் செம்பு கரைந்து படிந்திருக்கலாம். சில வருடம் கழித்து, உள்ளே இருக்கும் படங்களை அழிக்க வேண்டும் என்று சார்ஜரில் போடும்போது உள்ளேயே ஷார்ட் ஆகும் ஆபத்து உண்டு. ஆகவே போன் உயிரோடு இருக்கும்போதே கணக்கிலிருந்து வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் கொடுத்து, சிம், மெமரி கார்டைக் கழற்றிவிடுங்கள். இப்போதைய போன்கள் தகவலை ஒரு ரகசியச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்தே வைத்திருப்பதால், ரீசெட் அந்தச் சாவியை அழித்துவிடும், சாதாரண வீட்டுக்கு அது போதும். மிகப் பழைய ஆண்ட்ராய்டு என்றால் முதலில் அமைப்புகளில் குறியாக்கத்தைச் செய்துவிட்டு அப்புறம் ரீசெட் கொடுங்கள். சார்ஜை முழுதாக ஏற்றிவைக்க வேண்டாம், கால் பங்கு அளவில் அணைத்து வையுங்கள்.

உப்பிய போனுக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. உப்பலுக்குக் காரணம் உள்ளே சேர்ந்த வாயு. அழுத்துவதும் குத்துவதும் சார்ஜ் போடுவதும் கூடாது. அணைத்து, எரியக்கூடியவற்றிலிருந்து தள்ளி, காய்ந்த மணல் உள்ள உலோக வாளியில் வைப்பது வீட்டில் செய்யக்கூடியதில் நல்லது. கடைக்குள் இருக்கும் சேகரிப்புப் பெட்டியில் அதைப் போடாதீர்கள். மற்ற பேட்டரிகளோடு நசுங்கினால் அந்தப் பெட்டியே எரியும்.

கொடுக்கும் இடங்களில் கடைப் பெட்டி, நகராட்சியோ வேறு அமைப்போ நடத்தும் அபாயக் கழிவு மையம், தயாரிப்பாளரின் திரும்பப் பெறும் திட்டம், பழைய சாமான் வாங்குபவர் என நான்கு உண்டு. பென்சில் செல்லுக்குக் கடைப் பெட்டியே சரி, அருகில் இருப்பதே அதன் பலம். ட்யூபுக்குப் பெட்டி ஆகாது. ஆள் கையால் வாங்கி வைக்கும் மையம்தான் வேண்டும், போகுமுன் ‘பாதரச விளக்கு எடுப்பீர்களா, உடைந்ததும் எடுப்பீர்களா’ என்று கேட்டுவிடுங்கள். வேலை செய்யும் மொபைலுக்குத் தயாரிப்பாளர் திட்டம் வசதி, அஞ்சலில் அனுப்பும் ஏற்பாடு இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் சேதமான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள், உப்பிய போனை கூரியரில் சேர்க்காதீர்கள். அதை முன்கூட்டிச் சொல்லிவிட்டு மையத்துக்கு நேரில் கொண்டுபோங்கள்.

நான்காவது ஆள் பணம் தருவார், வாசலுக்கே வருவார். செம்புக் கம்பிக்கோ பழைய மின்விசிறிக்கோ அவரிடம் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. ட்யூபில் அவருக்குக் கிடைப்பது இரு முனைகளில் உள்ள அலுமினிய மூடிதான், அதை எடுக்கக் கண்ணாடியை உடைத்தாக வேண்டும். மொபைலில் தங்கத்தைப் பிரிக்க, பட்டறைகளில் பலகையை அமிலத்தில் முக்குகிறார்கள். அந்த இரண்டையும் அவருக்குக் கொடுக்கும் பையில் சேர்க்காமல் விட்டாலே போதும்.