கமிஷனிங் செக்லிஸ்ட்டிலிருந்து ‘பொருந்தாது’ என்ற சொல்லை எடுத்த கதை: மூன்று வருட அனுபவம்

கோவையில் ஹைட்ராலிக் பிரஸ்களை நிறுவி, ஓட்டிப் பார்த்து, வாங்கியவர் கையில் ஒப்படைப்பது என் வேலை. மெஷினோடு வரும் கமிஷனிங் செக்லிஸ்ட் ஆங்கிலத்தில் இருக்கும். மொத்தம் 48 வரிகள், ஒவ்வொரு வரிக்கும் பாஸ், ஃபெயில், என்ஏ என்று மூன்று கட்டங்கள். அதை நிரப்புகிற ஃபிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் தமிழில் கொடுத்தால் சரியாகப் பார்ப்பார்கள் என்று மூன்று வருடத்துக்கு முன் மொழிபெயர்த்தேன். வரிகளை எழுத ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. அந்த மூன்று கட்டங்களின் தலைப்புச் சொற்கள் நிலைபெற ஒன்றரை வருடம் ஆனது.

என் முதல் தேர்வு தேர்ச்சி, தோல்வி, பொருந்தாது. அகராதிப்படி மூன்றிலும் தவறு இல்லை. கட்டம் சிறியது என்பதால் ஆட்கள் முதல் எழுத்தை மட்டும் எழுத ஆரம்பித்தார்கள். ‘தே’ என்றால் பாஸ், ‘தோ’ என்றால் ஃபெயில். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு கால்தான். எண்ணெய்க் கை பட்ட தாளில், பால்பாயின்ட் பேனா வழுக்கிய இடத்தில், அந்தக் கால் இருக்கிறதா இல்லையா என்று டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு மெஷின் ஓடலாமா கூடாதா என்பது ஒரு காலை நம்பி இருக்கக் கூடாது.

அடுத்து ‘சரி’, ‘சரியில்லை’ என்று மாற்றினேன். பேச்சில் நாம் சொல்வது இதைத்தான் என்பதால் எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் ஃபெயிலைக் குறிக்கும் சொல் பாஸைக் குறிக்கும் சொல்லிலேயே தொடங்குகிறது. குறுகிய கட்டத்தில் அச்சடித்தபோது ‘சரி’ முதல் வரியிலும் ‘யில்லை’ அடுத்த வரியிலும் விழுந்தன. ஜெராக்ஸ் எடுத்ததில் இரண்டாவது வரி பாதி மங்கிப்போனது. இதைவிட மோசமானது எக்ஸலில் நடந்தது. அலுவலகத்தில் எத்தனை வரிகள் பாஸ் என்று எண்ண இப்படி எழுதி வைத்திருந்தார்கள்:

```
=COUNTIF(E5:E52,"சரி*")
```

நட்சத்திரக் குறியைப் போட்டதற்குக் காரணம், சிலர் ‘சரி’க்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டுவிடுவார்கள் என்பது. இந்தச் சூத்திரம் ‘சரி’யை எண்ணும், ‘சரியில்லை’யையும் எண்ணும். பழுதைப் பார்த்துவிட்டு ஒருவர் ‘சரிசெய்ய வேண்டும்’ என்று எழுதினால் அதையும் பாஸ் கணக்கில் சேர்க்கும். ‘சரி’ என்ற எழுத்துகள் உள்ள கட்டத்தைப் பச்சையாக்கு என்று நிறம் கொடுத்திருந்ததால், ஃபெயில் ஆன வரிகளும் பச்சையாகவே இருந்தன. சரியில்லாத வரியைப் பச்சையில் பார்த்த அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். பாஸ் சொல்லிலிருந்து ஃபெயில் சொல்லை உருவாக்கக் கூடாது. இரண்டுக்கும் வேர் வேறாக இருக்க வேண்டும்.

அதனால் ‘குறை’ என்று போட்டேன். சின்னச் சொல், கண்ணுக்கும் தனியாகத் தெரிகிறது. 100 டன் பிரஸ் ஒன்றில் ரிலீஃப் வால்வு அழுத்தம் 200 பார் இருக்க வேண்டும் என்பது ஒரு வரி. கேஜ் 185 காட்டியதால் பகல் ஷிஃப்ட் ஃபிட்டர் ‘குறை’ என்று குறித்துவிட்டுப் போனார். அவர் செய்தது முறைதான். இரவில் வந்தவர் அதே வரியைப் பார்த்து வால்வைத் திருகி 160-க்குக் கொண்டுவந்துவிட்டார். காலையில் பிரஸ் 80 டன்னுக்கு மேல் ஏறவில்லை. கேட்டேன். “அழுத்தம், குறைன்னு எழுதியிருந்ததுங்க சார், அதான் குறைச்சேன்” என்றார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. பெயர்ச்சொல்லாக நான் நினைத்ததை அவர் ஏவலாகப் படித்தார். தமிழில் இரண்டுமே அதே எழுத்துகள்தான். கட்டத் தலைப்புக்கு ஒரு சொல்லை எடுக்கும்முன் அது கட்டளையாகவும் படிக்கப்படுமா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும் பழக்கம் அப்போதுதான் வந்தது.

இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ‘பொருந்தாது’.

ஒரு பிரஸ்ஸுக்கு லைட் கர்ட்டன் வைத்து ஆர்டர் ஆகியிருந்தது. பிரஸ்ஸின் முன்பக்கம் இரண்டு தூண்கள் போல நிற்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் போகும். பிரஸ்ஸின் அழுத்தும் பாகமான ராம் இறங்கும்போது கை உள்ளே போனால் கதிர் அறுந்து ராம் நின்றுவிட வேண்டும். அந்த வரிக்கு எதிரே எலக்ட்ரீஷியன் ‘பொருந்தவில்லை’ என்று எழுதியிருந்தார். வந்த பிராக்கெட்டின் துளைகள் மெஷினின் துளைகளோடு சேரவில்லை, அதனால் தூண்களை மாட்ட முடியவில்லை என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். கணினியில் ஏற்றியவர் கீழ்ப்பட்டியலில் இருந்தவற்றில் நெருக்கமான ‘பொருந்தாது’ என்பதைத் தேர்ந்தெடுத்தார். அறிக்கையில் அது என்ஏ ஆகிவிட்டது. 45 சரி, 3 பொருந்தாது, ஃபெயில் ஏதும் இல்லை. கையெழுத்துக்குத் தயாரான சுத்தமான அறிக்கை.

ஒப்படைக்கும் நாளில் பேனல் பக்கம் ஒரு கேபிள் சும்மா சுருட்டி டை போட்டுத் தொங்குவதைப் பார்த்தேன். எதற்கான கேபிள் என்று பின்தொடர்ந்து போனதில், தூண்கள் இரண்டும் பெட்டி பிரிக்காமல் பேனலுக்குப் பின்னால் கிடந்தன. தூண்கள் இல்லாமல் பிரஸ் ஓடக் கூடாது, கன்ட்ரோலரின் பாதுகாப்பு உள்ளீட்டை ஏமாற்ற யாரோ ஜம்பர் ஒயர் போட்டு வைத்திருந்தால்தான் ஓட்டிப் பார்த்திருக்க முடியும். திறந்து பார்த்தேன், போட்டிருந்தார்கள். கேபிள் கண்ணில் படாமல் போயிருந்தால் அன்று மதியமே ஆபரேட்டர் அந்த பிரஸ்ஸுக்குள் கையை விட்டு வேலை செய்திருப்பார்.

பொருந்தாது, பொருந்தவில்லை, பொருத்தவில்லை. முதலாவது இந்த மெஷினுக்கு இந்தச் சோதனையே இல்லை என்கிறது. இரண்டாவது அளவு ஒத்துவரவில்லை என்கிறது. மூன்றாவது இன்னும் மாட்டவில்லை என்கிறது. ஒன்று என்ஏ, ஒன்று ஃபெயில், ஒன்று வேலை பாக்கி. மெஷின் வேலையில் பொருத்துவதும் பொருந்துவதும் நாள் முழுக்கப் புழங்கும் சொற்கள். அதே சொல்லை என்ஏ-வுக்கு வைத்தது என் தவறு. ‘தேவையில்லை’ என்று மாற்றலாம் என்றார் ஒரு நண்பர். பார்க்கத் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டு சோம்பலுக்கு இடம் கொடுக்கும் என்பதால் வேண்டாம் என்றேன். ‘இல்லை’யும் உதவாது. “லைட் கர்ட்டன் இருக்கா?” “இல்லை” என்றால், வரவில்லையா, வரவே வராதா?

விடை நம் பேச்சிலேயே இருந்தது. “இந்த மெஷின்ல அது கிடையாதுங்க” என்று ஸ்டோர்ஸ் அண்ணன் ஒருநாள் சொன்னார். ‘இல்லை’ என்றால் இப்போது இல்லை என்றும் இருக்கலாம், நாளைக்கு வரலாம். ‘கிடையாது’ என்றால் அந்த வகைக்கே அது இல்லை. வேலை பாக்கி இருக்கும் வரிக்கு யாரும் ‘கிடையாது’ என்று சொல்ல மாட்டார்கள், வாய் வராது.

இப்போது தாளில் இருப்பவை நான்கு சொற்கள்: சரி, பழுது, நிலுவை, கிடையாது. முதலெழுத்து நான்குக்கும் வேறு. ஒன்று இன்னொன்றுக்குள் இல்லை, எதுவும் கட்டளையாக ஒலிக்காது. நான்கும் ஒவ்வொரு வரியிலும் முழுதாக அச்சாகியிருக்கும், ஒன்றைச் சுற்றி வட்டம் போட வேண்டும். டிக், இன்டூ குறிகளை எடுத்துவிட்டேன். சிலருக்கு டிக் என்றால் பாஸ், சிலருக்குப் பார்த்தாயிற்று என்று மட்டும் பொருள். ஆங்கிலத்தில் இல்லாத ‘நிலுவை’யைச் சேர்த்ததற்குக் காரணம் அந்த லைட் கர்ட்டன்தான். பார்க்க முடியாததை எழுத இடம் இல்லாதபோது ஆள் அதைப் பக்கத்துக் கட்டத்தில்தான் போடுவார்.

இன்னொரு மாற்றம் இதைவிடப் பலன் தந்தது. ‘கிடையாது’வுக்கு வட்டம் போடும் உரிமை தளத்தில் யாருக்கும் இல்லை. ஆர்டர் நகலையும் எலக்ட்ரிக்கல் டிராயிங்கையும் வைத்துக்கொண்டு அலுவலகத்திலேயே நான் அதைப் போட்டு, பக்கத்தில் காரணம் எழுதி, பிறகுதான் தாள் கிளம்பும். தளத்தில் இருப்பவர் சரி, பழுது, நிலுவை மூன்றில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் கிடையாது என்று போட்ட பொருள் மெஷினில் கண்ணுக்குத் தெரிந்தால் உடனே ஃபோன் செய்ய வேண்டும். இதுவரை இரண்டு முறை ஃபோன் வந்திருக்கிறது, இரண்டு முறையும் அவர்கள் சொன்னதுதான் சரி.

சொல் தெளிவாக இருந்தாலும் வரி தெளிவாக இல்லாவிட்டால் பயனில்லை. ‘எண்ணெய்க் கசிவு உள்ளதா?’ என்ற கேள்விக்கு ‘சரி’ என்றால் கசிகிறது என்றா, கசியவில்லை என்றா? கேள்விகளை எல்லாம் இருக்க வேண்டிய நிலையாக மாற்றி எழுதினேன். ‘பம்ப் ஓடி 30 நிமிடம் ஆனபின் இணைப்புகளைத் துடைத்துப் பார்த்தால் துணி உலர்ந்திருக்க வேண்டும்.’ இப்போது சரி என்றால் துணி உலர்ந்தது, பழுது என்றால் நனைந்தது.

எமர்ஜென்சி ஸ்டாப் வரியை இரண்டாக வெட்டினேன். ஆங்கிலத்தில் ‘நிற்க வேண்டும், சரியாக ரீசெட் ஆக வேண்டும்’ என்ற பொருளில் ஒரே வரி. ஒரு தளத்தில் பட்டனை விடுவித்ததும் பம்ப் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்திருக்கிறது. “ரீசெட் ஆகுதுங்க” என்று சரி போட்டுவிட்டார்கள். உண்மையில் அது தெளிவான ஃபெயில். பட்டனை விடுவிப்பது மறுபடி ஓட்ட அனுமதி தரலாம், அதுவே ஓட்டிவிடக் கூடாது. இப்போது ஒரு வரி, ‘அழுத்தினால் மோட்டார் நிற்க வேண்டும்.’ அடுத்த வரி, ‘பட்டனை விடுவித்த பின்னும் மோட்டார் நின்றபடியே இருக்க வேண்டும், ஸ்டார்ட் அழுத்தினால் மட்டும் ஓட வேண்டும்.’

எக்ஸலில் சூத்திரம் நட்சத்திரம் இல்லாமல் முழுச் சொல்லோடு இருக்கிறது. கட்டத்தில் தட்டச்சு செய்ய முடியாது, பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். நான்கு எண்ணிக்கையும் கூடி மொத்த வரிகளுக்குச் சமமாக வராவிட்டால் அறிக்கை அச்சாகாது. ஒரே ஒரு பழுதோ நிலுவையோ இருந்தாலும் ‘ஒப்படைக்கக் கூடாது’ என்று காட்டும்:

```
=IF(COUNTIF(E5:E53,"பழுது")+COUNTIF(E5:E53,"நிலுவை")>0,"ஒப்படைக்கக் கூடாது","")
```

தீராத சிக்கல்களும் உண்டு. எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டாமல் இருந்தால் அதைப் ‘பழுது’ என்று குறிக்க ஆட்கள் தயங்குகிறார்கள். ஸ்டிக்கர் எப்படிப் பழுதாகும் என்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தாளின் தலையில் ‘எழுதியபடி இல்லாத எல்லாமே பழுது’ என்று பெரிய எழுத்தில் போட்ட பிறகு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. பல யூனிட்களில் இப்போது இந்தி பேசும் தம்பிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் தாள் உதவாது, பக்கத்தில் ஒருவர் இருந்து வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஆடிட்டர்கள் ஆங்கிலத் தாளைத்தான் கேட்கிறார்கள். அதனால் வரி எண்களை மட்டும் மாற்றவே இல்லை. எமர்ஜென்சி ஸ்டாப்பை வெட்டியபோதும் 17அ, 17ஆ என்றுதான் போட்டேன். தமிழ்த் தாளின் 31-ஆம் வரியும் ஆங்கிலத் தாளின் 31-ஆம் வரியும் அதே லைட் கர்ட்டன்தான், அந்த வரியை மட்டும் ஒப்படைக்கும் நாளில் நானே நேரில் ஓட்டிப் பார்க்கிறேன்.