“முப்பது நாள் கிரேஸ் இருக்கு” என்று ஏஜென்ட் சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள்

அப்பாவின் மருத்துவக் காப்பீட்டு பாலிசி மார்ச் 14 நள்ளிரவோடு முடிந்தது. வருடத்துக்கு ஒரே பிரீமியம். 10-ஆம் தேதியே அம்மா ஏஜென்டிடம் செக் கொடுத்துவிட்டார். அவர் அதைப் பையிலேயே வைத்திருந்து 19-ஆம் தேதிதான் கம்பெனியில் சேர்த்தார். நடுவில் போன் செய்து கேட்டபோது, “முப்பது நாள் கிரேஸ் இருக்கும்மா, கவலைப்படாதீங்க” என்றார். கெடு முடிந்த பிறகும் பிரீமியம் கட்டத் தரும் அவகாசம்தான் கிரேஸ்.

17-ஆம் தேதி அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஸ்டென்ட் வைத்தார்கள். பில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. புதுப்பித்த பாலிசியில் தொடக்கத் தேதி 19 என்று இருக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளில் காப்பீடே இல்லை என்கிறது கம்பெனி.

ஏஜென்ட் சொன்ன முப்பது நாள் பொய்யில்லை. ஆனால் பாதியைத்தான் சொன்னார். ஆண்டுப் பிரீமியம் கட்டும் மருத்துவ பாலிசியில் அந்த முப்பது நாள் தருவது தொடர்ச்சியை மட்டும்தான். அதற்குள் கட்டினால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காப்பீடு கிடைப்பதற்காகக் காத்திருந்த வருடங்களும், கிளெய்ம் செய்யாததால் சேர்ந்த போனஸும் வீணாகாது. பணம் போய்ச் சேராத நாட்களில் வரும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அது பொறுப்பேற்காது. முப்பது நாளும் தாண்டிவிட்டால் அந்தத் தொடர்ச்சியும் போய்விடும், புது ஆள் மாதிரி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அதே மருத்துவ பாலிசிக்குத் தவணையில் கட்டுபவர்களுக்கு விதி வேறு. மாதத் தவணைக்குப் பதினைந்து நாள், மற்ற தவணைகளுக்கு முப்பது நாள். பாலிசி ஆண்டுக்குள் வரும் இந்த நாட்களில் காப்பீடும் உண்டு. ஆயுள் காப்பீட்டிலும் கிரேஸ் நாட்களில் இறப்பு நேர்ந்தால், கட்டாத பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு பணம் தருவார்கள். இதையெல்லாம் ஒன்றாகக் குழப்பித்தான் ஏஜென்டுகள் ஆறுதல் சொல்கிறார்கள். வண்டி இன்சூரன்ஸுக்கோ கிரேஸ் என்பதே கிடையாது. முடிந்த நள்ளிரவோடு சரி.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு விஷயத்தில். 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64VB பிரிவுப்படி, ஏஜென்ட் வாங்கிய பிரீமியத்தை வங்கி, தபால் விடுமுறை நாட்கள் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் கம்பெனியில் சேர்க்கவோ தபாலில் அனுப்பவோ வேண்டும். இவர் ஒன்பது நாள் வைத்திருந்தார். செக் கொடுத்த அன்றே அதைப் படம் எடுத்து அம்மா அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அந்தத் தேதியைக் காட்டித்தான் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதியிருக்கிறோம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, கம்பெனிகள் மீதான புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் கம்பெனி மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது ஏஜென்டிடம் செக் கொடுத்திருந்தால், பாலிசி முடியும் தேதிக்கு முன்பே கம்பெனியின் ரசீது கைக்கு வந்ததா என்று இன்றே கேளுங்கள். புதுப் பாலிசி வந்ததும் முதல் பக்கத்தில் தொடக்கத் தேதியையும் நேரத்தையும் பழைய பாலிசியின் முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள் இடைவெளி தெரிந்தாலும் உடனே எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.