வயதுக் கணக்கைச் சரிபார்க்க: சமன்பாட்டில் போடுவதா, கணக்கின் வரிகளில் போடுவதா?

ஒரு கணக்கு: "அப்பாவின் வயது மகனின் வயதைப் போல் 3 மடங்கு. 5 ஆண்டுகளுக்கு முன் 4 மடங்காக இருந்தது. இப்போதைய வயதுகள் என்ன?"

மகனின் வயது x, அப்பாவின் வயது 3x என்று வைத்து ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார்:

3x = 4(x − 5)

இதில் x = 20. மகனுக்கு 20, அப்பாவுக்கு 60. நம்பும்படியாகத்தான் இருக்கிறது. சரிபார்க்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, விடையைச் சமன்பாட்டில் பிரதியிடுவது. இடப்பக்கம் 60, வலப்பக்கம் 4 × 15 = 60. பொருந்திவிட்டது! தேர்வில் பெரும்பாலானோர் செய்வது இதுதான். ஆனால் இது கணக்கைத் தீர்த்த விதத்தை மட்டும்தான் சோதிக்கிறது, சமன்பாடே தப்பு என்றால் வாயைத் திறக்காது.

இரண்டாவது வழி, கணக்கின் முதல் வரியை மட்டும் பார்ப்பது. 60 என்பது 20இன் 3 மடங்கு, சரி. இது முதல் வழியைவிட மோசம். அப்பாவின் வயதை 3x என்று வைத்தபோதே இந்த நிபந்தனை உள்ளே போய்விட்டது. விடை 7, 21 என்று வந்திருந்தாலும் இதில் தேறியிருக்கும்.

மூன்றாவது வழி, சமன்பாட்டை மூடி வைத்துவிட்டு, கணக்கை மறுபடி வாசித்து ஒவ்வொரு வரியிலும் வயதுகளைப் போட்டுப் பார்ப்பது. 5 ஆண்டுகளுக்கு முன் மகனுக்கு 15, அப்பாவுக்கு 55. 15இன் 4 மடங்கு 60, 55 அல்ல. பிழை எங்கே என்பதும் உடனே தெரிகிறது: மகனுக்கு மட்டும் 5 கழித்து, அப்பாவை விட்டுவிட்டார். 3x − 5 = 4(x − 5) என்று திருத்தினால் x = 15. அப்பாவுக்கு 45. அன்று 10, 40, அதாவது 4 மடங்கு. இன்று 15, 45, அதாவது 3 மடங்கு. இரண்டு வரியும் பொருந்துகின்றன.

நான் மூன்றாவது வழியையே எடுப்பேன். அரை நிமிடம்கூட ஆகாது. நினைவிலிருந்து செய்யாமல், வினாத்தாளைப் பார்த்தே செய்ய வேண்டும். 'முன்' என்பதை 'பின்' என்று வாசித்திருந்தால் நினைவும் அதையே சொல்லும்.

இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. இருபடிச் சமன்பாட்டில் வரும் ஒரு கணக்கு: ஒருவரின் 3 ஆண்டுகளுக்கு முந்தைய வயதின் தலைகீழியையும், 5 ஆண்டுகளுக்குப் பிந்தைய வயதின் தலைகீழியையும் கூட்டினால் 1/3. விடை 7 அல்லது −3. 7ஐப் போட்டால் 1/4 + 1/12 = 1/3. −3ஐப் போட்டாலும் −1/6 + 1/2 = 1/3! எழுதிய நிபந்தனையில் இரண்டுமே தேறுகின்றன. −3ஐத் தள்ளுவது கணக்கில் எழுதாத நிபந்தனை: 3 ஆண்டுகளுக்கு முன் வயது இருந்திருக்க வேண்டுமென்றால் இப்போதைய வயது 3ஐத் தாண்டியிருக்க வேண்டும்.