குஞ்சுக்கு உமித் தரையா, பரணா? ரத்தக் கழிச்சல் பார்த்தவன் சொல்றேன்

எங்க கொழிஞ்சாம்பாறை பக்கம் ஜூன் மழை ஆரம்பிச்சா சாரல் ஷெட்டுக்குள்ளயே அடிக்கும். போன தடவை உமித் தரையில விட்ட அறுபது குஞ்சு, நாலாவது வாரம் சிறகைத் தொங்கப் போட்டு ஒண்ணோடொண்ணு ஒட்டி நின்னுச்சு, எச்சத்துல ரத்தம். அம்ப்ரோலியம் தண்ணில கலந்து அஞ்சு நாள் குடுத்தும் ஒன்பது போயிருச்சு.

உமி செலவு கம்மி, குஞ்சுக்கும் சூடு. ஆனா எச்சத்துல வர்ற நோய்க் கிருமியோட முட்டை ஈரமும் சூடும் கிடைச்சா ரெண்டே நாள்ல நோய் பரப்பத் தயாராயிடும், சாதா கிருமிநாசினிக்கும் சாகாது. அதனால தண்ணி பாத்திரத்தோட விளிம்பு குஞ்சு முதுகு உயரத்துக்கு இருக்கணும், அதைச் சுத்தி நனைஞ்ச உமியை தினமும் அள்ளிடணும். ஒரு பிடி எடுத்து அமுக்குங்க, உருண்டையா நின்னா ஈரம் ஜாஸ்தி, உதிர்ந்தா சரி.

கம்பிவலை பரண்ல எச்சம் கீழ விழுந்துரும், குஞ்சு கொத்த முடியாது. செலவு அதிகம், முதல் ரெண்டு வாரம் குளிர் காத்து கீழிருந்து ஏறும், அதனால அதுவரைக்கும் உமியிலயே வச்சு அப்புறமா பரணுக்கு மாத்துறேன்.

ஆட்டுக்குட்டிக்கும் ரத்தக் கழிச்சல் வரும், அதுக்கு யோசிக்கவே வேணாம், பரண்தான். கோழியோட கிருமி ஆட்டுக்கு ஒட்டாது, அது வேற இனம். குட்டிக்கு ரத்தம் தெரியாமலும் வரும், வாலடி நனைஞ்சு புழுக்கை கூழா போனாலே டாக்டர்கிட்ட சாணி டெஸ்ட் குடுங்க. அம்ப்ரோலியம் குடுக்கும்போது பி1 வைட்டமின் சேர்க்காதீங்க, மருந்து வேலை செய்யாது.