ஒரே பேதி, இரண்டு வைத்தியம்: கீமோவா, இம்யூனோதெரபியா?

புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய். இரினோடெகன் கலந்த கீமோ ஏற்றி ஒன்பது நாள் ஆகிறது. இன்னொருவருக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய்; இபிலிமுமாப், நிவோலுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளும் சேர்த்துத் தொடங்கி ஏழாவது வாரம். இருவரும் வழக்கமாக ஒருநாளைக்கு ஒருமுறை மலம் கழிப்பவர்கள். நேற்றிலிருந்து ஆறுமுறை தண்ணீராகப் போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தொல்லைதான். ஆனால் முதலாமவருக்கு உடனே கொடுக்கவேண்டிய மாத்திரை, இரண்டாமவரின் நோயை மூடி மறைத்துவிடக்கூடும். இரண்டாமவரைக் காப்பாற்றும் மருந்தோ முதலாமவருக்கு ஒன்றும் செய்யாது; கிருமித்தொற்று அபாயத்தைத்தான் கூட்டும்.

தரம் பிரிப்பது மட்டும் இருவருக்கும் ஒரே அளவுகோலில் நடக்கிறது. சிடிசிஏஇ என்ற பொது அட்டவணையைத்தான் உலகெங்கும் புற்றுநோய்ப் பிரிவுகள் பயன்படுத்துகின்றன. அதில் எண்ணுவது ஒருநாளில் போன மொத்தத் தடவையை அல்ல, வழக்கத்தைவிட எத்தனை தடவை கூடுதல் என்பதை. நான்குக்குக் கீழே கூடினால் தரம் 1, நான்கு முதல் ஆறு வரை கூடினால் தரம் 2, ஏழோ அதற்கு மேலோ என்றால் தரம் 3. உயிருக்கே ஆபத்து என்ற நிலை தரம் 4. நம் நோயாளிகள் இருவருக்கும் ஐந்து கூடுதல், ஆகவே தரம் 2. ஏற்கெனவே தினம் மூன்றுமுறை போகிறவருக்கு அதே ஆறு என்பது தரம் 1தான். அதனால்தான் நர்ஸ் போனில் முதலில் ‘சாதாரணமா எத்தனை தடவை போவீங்க?’ என்று கேட்கிறார். அதைத் தெரிந்துகொள்ளாமல் தரம் போடவே முடியாது.

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோகவும் வாய்ப்பு உண்டு. பெருங்குடல் அழற்சிக்கு அதே அட்டவணையில் தனி வரி இருக்கிறது. வயிற்றுவலியும் மலத்தில் சளியோ ரத்தமோ இருந்தால் அது தரம் 2. கடும் வலியும், தொட்டால் வயிறு பலகைபோல இறுகுவதும் இருந்தால் தரம் 3. அன்றைக்கு இரண்டே தடவை போயிருந்தாலும் சரி. வயிறு உப்பிக்கொண்டே போய், மலம் மட்டும் திடீரென்று நின்றுவிட்டால் அதைக் குணம் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. குடல் செயலற்று வீங்குவதற்கோ ஓட்டை விழுவதற்கோ அது அறிகுறியாக இருக்கலாம்.

சரி, முதலாமவரிடம் வருவோம். இரினோடெகன் உடலில் எஸ்என்-38 என்ற வீரியமான பொருளாக மாறுகிறது. கல்லீரல் அதன்மேல் ஒரு சர்க்கரை மூலக்கூறை ஒட்டி, நஞ்சை அடக்கி, பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அந்த ஒட்டைப் பிரித்துவிடுகின்றன. மறுபடி வீரியம் பெற்ற நஞ்சு, வேகமாகப் பெருகும் குடல் உட்சுவர்ச் செல்களைச் சேதப்படுத்துகிறது. செல்கள் மீண்டும் முளைக்கும்வரை தண்ணீரை உறிஞ்ச ஆள் இல்லை. ஆக இது கெடு உள்ள சேதம்: மருந்து போய்விட்டால் சுவர் தானே வளர்ந்துவிடும். அதுவரை நீரையும் உப்பையும் காப்பாற்றித் தருவதே வைத்தியம். (மருந்து ஏறிய 24 மணி நேரத்துக்குள் வியர்த்துக்கொட்டி, எச்சில் ஊறி, வயிறு முறுக்கிப் போவது வேறு கதை, அது நரம்புத் தூண்டுதலால் வருவது, அட்ரோபின் ஊசிக்கு அடங்கும்.)

இங்கே பேதியை நிறுத்தும் லோபராமைடு மாத்திரை நல்ல மருந்து. முதலில் 4 மி.கி., அப்புறம் ஒவ்வொரு இளகிய போக்குக்கும் 2 மி.கி. என்பது வழக்கமான முறை. இரினோடெகனுக்குப் பிந்திய பேதிக்கு மட்டும் பன்னிரண்டு மணிநேரம் பேதி இல்லாமல் போகும்வரை இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை 2 மி.கி. என்று மருத்துவக் குழு சொல்வதுண்டு. இந்த உயர் அளவை 48 மணி நேரத்துக்கு மேல் நீட்டுவதில்லை, குடல் அசைவே நின்றுவிடக்கூடும் என்பதால். அடங்காவிட்டால் தோலுக்கடியில் ஆக்ட்ரியோடைடு ஊசியும், நரம்பு வழியே நீரும். காய்ச்சல் வந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு 500க்குக் கீழே இறங்கியிருந்தால் கணக்கே மாறிவிடும். கிருமி குடல்சுவருக்குள் நுழையும் நேரம் அது; லோபராமைடை நிறுத்திவிட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆன்டிபயாடிக் தொடங்கவேண்டும்.

இரண்டாமவரின் குடலில் நடப்பது இதற்கு நேர்மாறு. இபிலிமுமாப் எதிர்ப்பணுக்களின் பிரேக்கைத் தளர்த்துகிறது. பிரேக் இழந்த டி-செல்கள் புற்றைத் தாக்குவதோடு குடலையும் தாக்கத் தொடங்குகின்றன. இந்த மருந்துகள் வாரக்கணக்கில் உடலில் தங்கும் எதிர்ப்புரதங்கள், ஒருமுறை தூண்டப்பட்ட செல்கள் அதற்குப் பிறகும் ஓயாது. அதனால் ஊசி நிறுத்திச் சில மாதங்கள் கழித்துக்கூட அழற்சி தலைகாட்டலாம். கீமோ பேதியைப்போல ‘நாலு நாள் தாங்கினால் போதும்’ என்ற கெடு இதற்குக் கிடையாது. கவனிக்காமல் விட்டால் புண் ஆழமாகி, குடலில் ஓட்டை விழும்வரை போகலாம். இங்கே லோபராமைடு போட்டால் எண்ணிக்கை குறையும், தரம் 1 என்று தாளில் தெரியும், உள்ளே அழற்சி ஓடிக்கொண்டே இருக்கும். தொற்று இல்லை என்று உறுதியான பிறகு, லேசான பேதிக்கு, கண்காணிப்போடு அதைக் கொடுப்பதில் தவறில்லை. வீட்டில் இருந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பயம் தரும் விஷயம்.

அவருக்குத் தரம் 2 என்றால் இம்யூனோதெரபி நிறுத்திவைக்கப்படும். மலத்தில் கிருமித் தொற்று இருக்கிறதா, குறிப்பாகக் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் இருக்கிறதா என்ற சோதனையும், அழற்சியைக் காட்டும் கால்ப்ரோடெக்டினும் அன்றே போகும். பிறகு ஒரு கிலோ எடைக்கு 1 மி.கி. வீதம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. அவர் எடை 60 கிலோ என்றால் தினம் 60 மி.கி. கூடவே, முடிந்தவரை சீக்கிரம், மலக்குடலிலிருந்து இடப்பக்கக் குடல்வரை பார்க்கும் சிறிய எண்டோஸ்கோப்பி. பெரும்பாலானோருக்கு அழற்சி அந்தப் பகுதியை எட்டியிருக்கும் என்பதால் பல நேரம் முழுக் கொலனோஸ்கோப்பி தேவைப்படுவதில்லை. சுவர் பளிச்சென்று சுத்தமாகத் தெரிந்தாலும் சதைத்துணுக்கு எடுத்தே ஆகவேண்டும். நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் அழற்சியும் உண்டு.

மூன்றாம் நாள் முக்கியமான நாள். ஸ்டீராய்டு வேலை செய்தால் அதற்குள் தெரிந்துவிடும். நம்மவருக்கு அன்று எட்டுமுறை போகிறது, ரத்தமும் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் ஏழு, அதாவது தரம் 3 ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, நரம்பு வழியே மெத்தில்பிரெட்னிசோலோனுக்கு மாறுவார்கள். ‘இன்னும் ஒரு வாரம் ஸ்டீராய்டைப் பார்ப்போம்’ என்று காத்திருப்பதுதான் இந்த இடத்தில் நடக்கும் பெரிய தவறு. ஸ்டீராய்டு தொற்றையும் வளர்க்கும், குடல் ஓட்டையானால் வரவேண்டிய வலியையும் அமுக்கிவிடும். இரண்டு மூன்று நாளில் பலன் இல்லையென்றால் அடுத்த மருந்துக்குப் போகவேண்டும்.

அடுத்தது எது என்பதில்தான் உண்மையான போட்டி: இன்ஃப்ளிக்சிமாபா, வெடோலிசுமாபா? முன்னது கிலோவுக்கு 5 மி.கி., 60 கிலோக்காரருக்கு 300 மி.கி. பின்னது எடை எதுவானாலும் 300 மி.கி. இரண்டையும் வழக்கமாக முதல் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம் என்று ஏற்றுகிறார்கள். ஆனால் குணம் வேறு. இன்ஃப்ளிக்சிமாப் உடல் முழுவதும் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைப் பிடித்துக் கட்டுகிறது. சில நாட்களிலேயே பலன் தெரிவது இதன் பெரிய பலம். உடல் முழுக்க வேலை செய்வதால் உறங்கிக் கிடக்கும் காசநோயையும் ஹெப்படைடிஸ் பி-யையும் எழுப்பிவிடும். அதனால் அந்த இரண்டுக்குமான ரத்தப் பரிசோதனையை ஸ்டீராய்டு தொடங்கும் நாளிலேயே அனுப்பிவிடுவது நல்லது; மூன்றாம் நாள் தேவைப்படும்போது முடிவுக்காகக் காத்திருக்க நேரம் இருக்காது. வெடோலிசுமாப் டி-செல்கள் குடலுக்குள் நுழையும் வாசலை மட்டும் அடைக்கிறது. உடலின் மற்ற இடங்களில் எதிர்ப்புசக்தி பெரிதாகக் குறைவதில்லை, ஆனால் பலன் தெரியச் சற்று மெதுவாகும்.

என் கணிப்பு இதுதான். எண்டோஸ்கோப்பியில் ஆழமான, அகலமான புண் தெரிந்து, ஆள் தளர்ந்துகொண்டிருந்தால் இன்ஃப்ளிக்சிமாப்; வேகம்தான் அங்கே உயிர். அதே நோயாளிக்கு இம்யூனோதெரபியால் கல்லீரல் அழற்சியும் சேர்ந்திருந்தாலோ, தொற்று பயம் கூடுதலாக இருந்தாலோ வெடோலிசுமாப். ஸ்டீராய்டைக் குறைக்கும்போதெல்லாம் பேதி திரும்புகிறது, ஆனால் அவசர நிலை இல்லை என்றாலும் வெடோலிசுமாபையே நான் தேர்வேன். குடலில் ஓட்டை விழுந்திருந்தாலோ ரத்தத்தில் கிருமி பரவியிருந்தாலோ இன்ஃப்ளிக்சிமாபைத் தொடக்கூடாது. ஒன்று பலிக்காவிட்டால் மற்றதற்கு மாறலாம். ஆனால் மாறும்முன் மறுபடி சதைத்துணுக்கு எடுத்து சைட்டோமெகலோ வைரஸ் புகுந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அந்த வைரஸ் இருந்தால் எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்தை எவ்வளவு ஏற்றினாலும் பேதி நிற்காது.

அடங்கிய பிறகும் ஸ்டீராய்டை நான்கு முதல் ஆறு வாரத்தில் படிப்படியாகத்தான் இறக்குவார்கள். சட்டென்று நிறுத்தினால் திரும்ப வரும்.

கீமோவும் இம்யூனோதெரபியும் சேர்த்து வாங்குகிறவர்கள் இப்போது நிறைய. நுரையீரல் புற்றுக்குப் பெம்ப்ரோலிசுமாபோடு கார்போபிளாட்டின், பெமட்ரெக்செட் கொடுப்பது அப்படி ஒரு கூட்டு. பேதி வந்தால் யார்மேல் பழிபோடுவது? காலக்கணக்கு ஓரளவு உதவும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அதே நாட்களில் வந்து, தானே அடங்கிப்போனால் கீமோ பக்கம் சாயலாம். சுற்றோடு ஒட்டாமல், நாளுக்கு நாள் ஏறி, ரத்தமும் சளியும் கலந்தால் இம்யூனோதெரபி. கால்ப்ரோடெக்டின் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. கீமோவால் குடல்சுவர் புண்ணானாலும் அது ஏறும். சந்தேகம் நீடித்தால் சதைத்துணுக்குதான் தீர்க்கும்.

குணமான பிறகு எடுக்கும் முடிவிலும் இரண்டும் பிரிகின்றன. கீமோவுக்கு அளவைக் குறைத்து அடுத்த சுற்றைத் தொடரலாம். இம்யூனோதெரபிக்கு அளவைக் குறைத்துப் பயனில்லை. கொடுப்பது, நிறுத்திவைப்பது, கைவிடுவது என்ற மூன்றே வழிகள். நம் மெலனோமாக்காரருக்குத் தரம் 3 வந்துவிட்டதால் இபிலிமுமாப் இனிக் கிடையாது. பேதி தரம் 1க்கோ அதற்குக் கீழோ இறங்கி, ஸ்டீராய்டும் தினம் 10 மி.கி.க்குள் வந்தபின், நிவோலுமாபைத் தனியாகத் தொடரலாமா என்று மட்டும் யோசிப்பார்கள். அந்த யோசனை நடக்கும் மாதங்களிலும், பேதி என்று எந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போனாலும், எந்த மருந்து, கடைசியாக எந்தத் தேதியில் ஏற்றியது என்பதை முதலில் சொல்லவேண்டும். ‘கேன்சருக்கு ஊசி போடுகிறேன்’ என்றால் கேட்பவர் கீமோ என்றே எடுத்துக்கொண்டு, லோபராமைடு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும்.