நிலைப் பின்னூட்டத்தில் இலக்கைத் தொடுவது: முன்கணித்த பெருக்கமா, தொகையீடா?

நிலைப் பின்னூட்டம் அமைப்பின் துருவங்களை நாம் விரும்பிய இடத்தில் நிறுத்தித் தருகிறது. ஆனால் வெளியீடு மாறாத ஓர் இலக்கு மதிப்பில் சென்று நிற்கும் என்று அது தானாக உறுதி தருவதில்லை. அதற்கு இலக்கை ஒரு முன்கணித்த எண்ணால் பெருக்கி உள்ளீட்டுடன் சேர்க்கலாம். அல்லது பிழையைத் தொகையிட்டு, அத்தொகையையே புதியதொரு நிலைமாறியாகக் கொண்டு பின்னூட்டலாம்.

ஒரு நேர்மின் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். சுற்றின் தூண்டலைப் புறக்கணித்தால் அதன் வேகம் x (விநாடிக்கு ரேடியனில்) பின்வருமாறு மாறுகிறது என்று கொள்வோம்:

```
dx/dt = -x + 10u + d
```

இதில் u வோல்ட்டில் அளக்கப்படும் மின்னழுத்தம், d சுமையின் விளைவு. மின்வழங்கியின் உச்சம் 24 வோல்ட்; இலக்கு r = 100.

முதல் வழியில் `u = -kx + Nr`. துருவம் -5இல் அமைய k = 0.4 வேண்டும்; நிலைத்த நிலையில் x = r ஆவதற்கு N = 0.5 வேண்டும். சுமையின்றிக் கணக்கிட்டால் வேகம் சரியாக 100இல் நிற்கிறது. ஆனால் d = -20 என்ற சுமை ஏறியதும் வேகம் 96க்கு இறங்கி அங்கேயே தங்கிவிடுகிறது. சுமையே இல்லாவிட்டாலும், மோட்டாரின் பெருக்கம் 10க்குப் பதில் 9ஆக இருந்தால், வேகம் ஏறத்தாழ 97.8இல் நிற்கும். N என்பது நாம் எழுதிய மாதிரியைக் கொண்டு கணித்த எண். மாதிரி பொய்த்த அளவுக்கு அதுவும் பொய்க்கிறது. k-ஐ உயர்த்தினால் பிழை சுருங்கும், மறையாது. மேற்சொன்ன சுமைப்பிழையை 4இலிருந்து 0.2ஆகக் குறைக்கத் துருவத்தை -100க்குத் தள்ளி k = 9.9 ஆக்க வேண்டும். அப்போது வேக அளவீட்டில் 1 அலகு இரைச்சல் வந்தால் மின்னழுத்தம் சுமார் 10 வோல்ட் துள்ளும்.

இரண்டாம் வழியில் `dz/dt = r - x` என்ற மாறியைச் சேர்த்து `u = -kx + qz` என எழுதுகிறோம். இரு துருவங்களும் -5இல் அமைய k = 0.9, q = 2.5. அமைப்பு நிலையாக இருந்து ஒரு சமநிலையை அடைகிறது என்றால், அங்கே z மாறாமல் நிற்க வேண்டும்; z மாறாமல் நிற்பதற்கு r = x என்பதைத் தவிர வேறு வழியில்லை. இந்த வாதத்தில் 10 என்ற பெருக்கமும் d-யின் அளவும் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொகையீட்டின் முழு வலிமையும் அதில்தான் இருக்கிறது. அதே -20 சுமை ஏறும்போது வேகம் 0.2 விநாடியில் சுமார் 1.5 அலகு மட்டும் இறங்கி, ஒரு விநாடிக்குள் ஏறத்தாழ 100க்குத் திரும்பிவிடுகிறது. பெருக்கம் 9ஆக இருந்தாலும் அமைப்பு நிலையாகவே இருப்பதால், நிலைத்த பிழை சுழியமே.

இதற்கான விலை இலக்கை எட்டும் விரைவில் தெரிகிறது. இலக்கு 100க்குத் தாவிய 0.3 விநாடியில் முதல் வழி 78ஐ எட்டும்போது இது 44இல்தான் இருக்கிறது. ஆனால் முதல் வழி தொடக்கத்தில் 50 வோல்ட் கேட்கிறது. 24 வோல்ட் வழங்கியில் அந்த 78 கிடைக்காது. தொகையீட்டு வழியின் உச்சம் சுமார் 21.5 வோல்ட்.

ஆகவே நான் இரண்டையும் சேர்த்து `u = -kx + Nr + qz` என்றே எழுதுவேன். k, q இரண்டாம் வழியில் இருந்தபடியே இருக்க, N = 0.2 எனக் கொண்டால் உச்ச மின்னழுத்தம் 23.4 வோல்ட்டில் அடங்குகிறது, 0.3 விநாடியில் வேகம் 58ஐ எட்டுகிறது. இங்கே N பிழையாக இருந்தாலும் பாதகமில்லை. அது பயணத்தை விரைவுபடுத்த மட்டுமே உதவுகிறது, சென்று சேரும் இடத்தைத் தீர்மானிப்பது தொகையி.

தொகையீட்டின் உண்மையான ஆபத்து உள்ளீடு உச்சத்தில் முட்டும்போது வருகிறது. இரண்டாம் வழியையே எடுத்துக்கொண்டால், இலக்கு 300 என்றால் 30 வோல்ட் தேவை. 24 வோல்ட்டில் மோட்டார் 240க்கு மேல் போகாது. z விநாடிக்கு 60 வீதம் ஏறிக்கொண்டே இருக்கும். z 600ஐ எட்டிய பின் இலக்கை 150ஆகக் குறைத்தால், z 96க்கு இறங்கும் வரை, அதாவது சுமார் 5.6 விநாடி, மோட்டார் இலக்கையே பொருட்படுத்தாமல் முழு வேகத்தில் ஓடும். இலக்கு குறைந்தும் உள்ளீடு உச்சத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இக்கோளாறின் அடையாளம். உள்ளீடு உச்சத்தில் இருந்து, பிழையும் அதே திசையில் தள்ளும்போது தொகையிடுவதை நிறுத்திவைத்தால் இது நீங்கும்.

சென்சாரின் பிழையைத் தொகையீடு திருத்தாது. வேகமானி 2% குறைத்துக் காட்டினால் தண்டு ஏறத்தாழ 102இல் சுழலும், திரையில் மட்டும் 100 தெரியும். முன்கணித்த பெருக்கத்திலோ இதே பிழைக்கு வேகம் 101.6இல் நிற்கும். மேலும், அமைப்பின் பரிமாற்றச் சார்புக்கு s = 0இல் சுழி இருந்தால், மாறாத உள்ளீடு வெளியீட்டில் எதையும் நிலைநிறுத்தாது; அத்தகைய அமைப்பில் தொகையியைச் சேர்த்துத் துருவங்களை விரும்பியபடி அமைக்க முடியாது.