ஒரே மக்காச்சோள டிரையல், இரண்டு ரெஸ்யூமே: அக்ரிடெக்குக்கு எது, பண்ணைக்கு எது?

"மக்காச்சோளத்தில் சொட்டுநீர் வழி உரமிடுதலின் விளைவு குறித்து ஆய்வு மேற்கொண்டேன்." வேளாண் பட்டதாரிகளின் ரெஸ்யூமேயில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது. ஆய்வறிக்கைத் தலைப்பை அப்படியே வெட்டி ஒட்டியிருப்பார்கள். என்ன கண்டுபிடித்தார், எத்தனை கிலோ வந்தது, அதை எப்படி அளந்தார் என்று எதுவும் தெரியாது. அக்ரிடெக் நிறுவனத்துக்கும் இதே வரிதான், பண்ணை மேலாளர் வேலைக்கும் இதே வரிதான். இரண்டு இடத்திலும் இது எடுபடாது. ஆனால் அதற்கான காரணம் இடத்துக்கு இடம் வேறு.

ஒரு டிரையலைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஐந்து டிரீட்மெண்ட், நான்கு ரெப்ளிகேஷன், ஆக 20 பாத்திகள், ஆர்.பி.டி. அமைப்பு. ஹெக்டேருக்கு 200 கிலோ தழைச்சத்தை மண்ணில் இட்டது கட்டுப்பாடு, மகசூல் 5.7 டன். அதே 200 கிலோவைச் சொட்டுநீர் வழியாகப் பிரித்துக் கொடுத்ததில் 6.6 டன். 150 கிலோவாகக் குறைத்துச் சொட்டுநீர் வழியே கொடுத்ததில் 6.4 டன். சி.டி. மதிப்பு 0.6 டன். அதாவது, இரண்டு சராசரிகளுக்கு நடுவே 0.6 டன்னுக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் அது தற்செயல் அல்ல என்று சொல்ல முடியும்.

அக்ரிடெக்குக்கு இதை எழுதும்போது அளந்த முறைதான் சரக்கு. "ஆர்.பி.டி., 5 டிரீட்மெண்ட், 4 ரெப்ளிகேஷன். சொட்டுநீர் வழி உரமிடுதலில் 6.6 டன், கட்டுப்பாட்டில் 5.7 டன் (சி.டி. 0.6), 14% ஈரப்பதத்துக்குத் திருத்திய மகசூல், ஒரு பருவம், ஓர் இடம்." இந்த வரியைப் படிக்கிற வேளாண் ஆய்வுக் குழுத் தலைவருக்கு உங்களை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும். நாளைக்கு ஒரு புதிய உயிர் உரத்தையோ சென்சாரையோ கொடுத்து "வேலை செய்கிறதா பார்" என்று வயலுக்கு அனுப்பினால், நம்பக்கூடிய எண்ணோடு திரும்பி வருவீர்களா என்பதுதான் அவர் கேள்வி.

அந்த ஈரப்பதக் குறிப்பைச் சும்மா சேர்க்கவில்லை. நிகரப் பாத்தி 14.4 சதுர மீட்டர் என்று வையுங்கள்: 60 செ.மீ. இடைவெளியில் எட்டு வரிசை போட்டு, இரு ஓர வரிசைகளையும் முனைச் செடிகளையும் கழித்த பிறகு மிஞ்சும் பரப்பு. அறுத்து உதிர்த்த தானியம் 10.2 கிலோ. ஹெக்டேருக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 7.1 டன். ஆனால் தானியத்தில் ஈரம் 20% இருந்தது. 14 சதவீதத்துக்குத் திருத்தினால் 6.6 டன்தான். அரை டன் வெறும் தண்ணீர்! இவ்வளவு சின்னப் பாத்தியில் தராசு ஒரு கிலோ தவறினால் ஹெக்டேர் கணக்கில் சுமார் 700 கிலோ தவறும். ஈரப்பதம் சொல்லாமல் "7.1 டன் எடுத்தேன்" என்று எழுதினால், விவரம் தெரிந்தவர் நேர்காணலில் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே அது கழன்று விழும்.

இனி பண்ணை மேலாளர் வேலை. இங்கே சி.டி. மதிப்பைக் காட்டி ஆளை மயக்க முடியாது. பண்ணைக்காரர் பார்ப்பது பரப்பு, செலவு, ஆட்கள். ஆச்சரியம் என்னவென்றால், இதே டிரையலில் அவருக்கு வேண்டிய முடிவு வேறு: 150 கிலோ தழைச்சத்திலும் கட்டுப்பாட்டைவிட 0.7 டன் கூடுதல். முழு அளவு கொடுத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் 0.2 டன், அது சி.டி.க்குள் அடங்குகிறது. மிச்சமான 50 கிலோ தழைச்சத்தை யூரியாவாக மாற்றிச் சொல்லுங்கள். யூரியாவில் தழைச்சத்து 46% என்பதால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 109 கிலோ. 40 ஹெக்டேர் பண்ணையில் நான்கு டன்னுக்கு மேல் யூரியா மிச்சம். "தழைச்சத்தைக் கால் பங்கு குறைத்தும் மகசூல் குறிப்பிடும்படி குறையவில்லை, ஹெக்டேருக்கு 109 கிலோ யூரியா மிச்சம்" என்ற வரி அங்கே பேசும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. "குறிப்பிடும்படி குறையவில்லை" என்பதற்கு "குறையவே இல்லை" என்று பொருளல்ல. 20 பாத்திகளில் 0.6 டன்னுக்குக் குறைவான வித்தியாசம் பிடிபடாது, அவ்வளவுதான். அந்த 0.2 டன் நிஜமாகவே இழப்பாக இருந்தால், 200 கிலோ மக்காச்சோளத்தின் விலை 109 கிலோ யூரியாவின் விலையைத் தாண்டிவிடலாம். கணக்குப் பார்த்துப் பழகிய முதலாளி இதை நிச்சயம் கேட்பார். அப்போதைய விலையை வைத்துப் பதிலைப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு அந்த வரியை எழுதுங்கள்.

இன்னொன்று: டிரையல் மகசூலைப் பண்ணை ரெஸ்யூமேயில் "நான் எடுத்த மகசூல்" என்று போடக் கூடாது. சின்னப் பாத்தியில் வரப்போரம், செடி விழுந்த இடம், அறுவடையில் சிந்துவது எல்லாம் பெரும்பாலும் கணக்கில் வராது. முழு வயலில் எல்லாம் வரும். பயிற்சிக் காலத்தில் ஒரு வயலை முழுதாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அதைத் தனி வரியாக எழுதுங்கள்: "3 ஹெக்டேர், 15.9 டன், எடைமேடை ரசீதுப்படி." ஹெக்டேருக்கு 5.3 டன்தான் வருகிறது, 6.6க்குப் பக்கத்தில் சோனியாகத் தெரியும். ஆனாலும் பண்ணைக்காரர் நம்புவது இந்த எண்ணைத்தான்.

விரிவாக்கப் பணியில் தராசு அக்ரிடெக் பக்கம் சாய்கிறது. விவசாயியிடம் போய்ப் பேசி ஒரு பழக்கத்தை மாற்றுவதுதான் அந்த நிறுவனங்கள் பலவற்றின் பிழைப்பே. ஆனால் "60 விவசாயிகளுக்குப் பயிற்சி அளித்தேன்" என்பது வருகைப் பதிவேடு மட்டும். "விதை நேர்த்திப் பயிற்சிக்கு வந்த 60 பேரில் 22 பேர் அடுத்த பருவத்தில் செய்தார்கள், வயலுக்கு நேரில் போய்ச் சரிபார்த்தது, செய்யாதவர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம், மருந்து விதைப்புக்கு முன் கைக்கு வரவில்லை" என்பது வேறு ரகம். பாதிக்கும் குறைவானவர்களே செய்தார்கள் என்று மறைக்க வேண்டியதில்லை. விவசாயிகள் சொன்ன அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்ததற்காகவே உங்களைக் கூப்பிடுவார்கள். பண்ணை வேலைக்கு இதே அனுபவம் ஒரு வரி போதும். அங்கே, மருந்து தெளிக்கும் ஆட்களுக்குத் தெளிப்பானை அளவீடு செய்யக் கற்றுக்கொடுத்து, ஹெக்டேருக்கு இத்தனை லிட்டர் என்று நிலைநிறுத்தியிருந்தால் அதை மேலே ஏற்றுங்கள்.

மூன்றாவதாக, எல்லாருக்கும் பொதுவாக ஒரே ரெஸ்யூமே என்ற வழி. அது வேண்டாம். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அக்ரிடெக் வடிவத்தை முதலில் எழுதுங்கள்; அளவு, ஈரப்பதம், சி.டி. எல்லாம் அதில் பதிவாகிவிடுவதால், அதிலிருந்து பண்ணை வடிவத்தை ஒரு மணி நேரத்தில் உருவிவிடலாம். தலைகீழாகச் செய்ய முடியாது. சொந்தப் பண்ணை நடத்தும் அக்ரிடெக் நிறுவனம் என்றால் விளம்பரத்தில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். பரப்பும் ஆள் எண்ணிக்கையும் குறிப்பிட்டிருந்தால் பண்ணை வடிவத்தையே அனுப்புங்கள், டிரையல் வரியில் சி.டி.யை மட்டும் நீக்காமல் வைத்துக்கொண்டு.